ஒரே பாக்கி, மூன்று கடிதம்

கிளிநொச்சியில் டிரக்டர் உதிரிப்பாகம் விற்று, திருத்த வேலையும் செய்யும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒருவர் ஒரு டிரக்டரும் நெல் வெட்டும் மெசினும் வாடகைக்கு ஓட்டுகிறார். கடைக்கு அவர் தரவேண்டியது 360,000 ரூபா. சிறுபோகத்தில் ஓட்டம் குறைவு, லீசிங் தவணையும் முட்டுகிறது. இப்போது கார்த்திகை. பகுதி பகுதியாகக் கட்டச் சொல்லி எழுதவேண்டும். எப்படி எழுதுவது?

வழமையாகப் போகும் கடிதம் இது: "நிலுவை 360,000 ரூபாவை மாதம் 30,000 வீதம் 12 மாதங்களில் செலுத்தவும். தவறின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்." தொகை தெளிவு, காலம் தெளிவு. கணக்குத்தான் பிழை. மார்கழி, தையில் வயல் பச்சையாக நிற்கும், வெட்டு மெசின் கொட்டிலில் நிற்கும். அந்த மனுசன் இரண்டாம் தவணையிலேயே விழுவார். விழுந்ததும் வழக்கு என்று சொல்லியாயிற்று, ஆனால் 30,000 ரூபாவுக்கு யார் வழக்குப் போடுவது? அதோடு கடிதத்தின் பெறுமதி போய்விடும். அவரும் போன் எடுப்பதை நிறுத்திவிடுவார்.

இதற்கு நேர் எதிரானது: "அண்ணை, உங்கட கஷ்டம் எங்களுக்கு விளங்குது. வசதிப்படேக்க பாத்து ஏதாவது தாங்கோ." ஒத்துழைப்பு என்றால் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது முதலாவதைவிடவும் மோசமாகப் படுகிறது. கையில் காசு வந்ததும் லீசிங்காரருக்குத்தான் முதலில் போகும், கட்டாவிட்டால் மெசினை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? திகதியும் தொகையும் இல்லாத கடன் எப்போதும் வரிசையில் கடைசி.

மூன்றாவதை எழுதமுதல் அவரோடு ஒருக்கால் கதைத்து, எந்த மாதம் எவ்வளவு ஓட்டம் வரும் என்று கேட்கவேண்டும். பிறகு இப்படி:

"மதிப்புக்குரிய ஐயா, இன்றைய திகதியில் தங்கள் கணக்கில் 360,000 ரூபா நிலுவையாக உள்ளது, பில் விபரம் இணைத்துள்ளோம். தங்கள் வருமானம் அறுவடையோடு வருவதைக் கருத்தில் கொண்டு பின்வரும் ஒழுங்கை முன்மொழிகிறோம். இப்போது 30,000. மார்கழி, தை முடிவில் தலா 10,000. மாசி முடிவில் 100,000, பங்குனி முடிவில் 130,000. சித்திரை, வைகாசி முடிவில் தலா 40,000. இவ்வொழுங்கு நடைமுறையில் உள்ளவரை மேலதிகக் கட்டணம் எதுவும் அறவிடமாட்டோம். மழையால் அறுவடை பிந்தினால், தவணைத் திகதிக்கு 7 நாள் முன்னர் அறிவியுங்கள். புதிய திகதியை இருவரும் பேசி எழுதிக்கொள்வோம். இனி வாங்கும் உதிரிப்பாகங்களைக் காசுக்குத் தருவோம்."

கூட்டிப் பார்த்தால் அதே 360,000தான், ஒரு சதமும் விட்டுக்கொடுக்கவில்லை. மாறியது காசு கேட்கும் காலம். மார்கழியில் 10,000 கேட்பது வருமானத்துக்காக அல்ல. சின்னத் தொகையாவது ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தால், மாசியில் பெரிய தொகை வருமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் 30,000உம் அப்படித்தான். அதுவே வராவிட்டால் மிச்சத் தவணைகளை நம்பி இருக்கத் தேவையில்லை.

கடைசி வசனத்தைச் சிலர் கடுமை என்று வெட்டச் சொல்வார்கள். வெட்டக்கூடாது. காசுக்கு என்றாலும் சாமான் தருவோம் என்பதுதான் அவருக்குப் பெரிய உதவி. பெல்ட் அறுந்து மாசியில் மெசின் நின்றால் எங்கள் தவணையும் நின்றுவிடும். ஆனால் அந்தக் காசுக்குத் தனிப் பற்றுச்சீட்டு எழுதவேண்டும். பழைய பாக்கியோடு கலந்தால் பங்குனியில் யார் எவ்வளவு கட்டினார் என்று சண்டைதான் வரும்.

இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது. எங்கள் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த சாமானுக்கும் செய்த வேலைக்குமான கடை பாக்கிக்கு ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். கடன்காரர் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ நிலைமை கடைக்காரருக்குச் சாதகமாக மாறும். ஆகவே கடிதத்தின் அடியில் "மேற்படி நிலுவையையும் ஒழுங்கையும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரியும் கையெழுத்துக்கு இடமும் விடவேண்டும். "பாத்துத் தாங்கோ" கடிதத்தில் இதற்கு வழியே இல்லை. முதலாவதில் கையெழுத்துக் கேட்டால் பயந்து போடமாட்டார். பெரிய தொகை என்றால் இந்த வரியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

எல்லாருக்கும் மூன்றாவதே பொருந்தும் என்று சொல்லவில்லை. பக்கத்து வளவுக்காரரின் 5,000 ரூபாவுக்கு வாய்ச்சொல் போதும். ஏற்கனவே இரண்டு ஒழுங்கைக் குழப்பியவருக்கு முதலாவதுதான் சரி, அதுவும் சட்டத்தரணியின் கடிதத்தாளில். மூன்றாவதை அனுப்புவதென்றால் தபாலில் போடாமல் இரண்டு பிரதியோடு நேரே போங்கள். ஒன்றில் அவர் கையெழுத்து வாங்கி, மற்றதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.