ஒரே கரும்பச்சைச் சுடிதார்: ஷாலா, ஸ்டோலா?

என் அக்கா மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் ஸ்கூட்டர், அங்கிருந்து பஸ். அவளிடம் வேலைப்பாடு ஏதுமில்லாத கரும்பச்சைக் காட்டன் சுடிதார் ஒன்று இருக்கிறது. துணி நல்ல துணி. "சித்தி, இதையே எத்தனை நாளைக்குங்க இப்படியே போடறது? வேற செட் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். புது செட் வேண்டாம், ஷால் போடுகிற விதத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து மூன்றை எடுத்துக் கட்டிலில் போட்டேன். செட்டோடு வந்த சிஃபான் ஷால் ஒன்று. கடுகு நிறத்தில் சிவப்புக் கரை போட்ட கோரா காட்டன் ஷால் ஒன்று. இரண்டு ஷாலும் இரண்டரை மீட்டர் நீளம், 36 அங்குல அகலம். மூன்றாவது மெத்தென்ற காட்டன் ஸ்டோல், இரண்டு மீட்டர் நீளம், 28 அங்குலம்.

நிறத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் ஒரு கட்டு உடம்பில் நிற்பதும் நிற்காததும் நீளத்தையும் விறைப்பையும் பொறுத்தது. முதலில் இஞ்சு டேப்பை எடுத்து இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே வலது இடுப்பு வரை அளந்தேன். அவளுக்குச் சரியாக ஒரு மீட்டர் வந்தது. இந்த ஓர் அளவு கையில் இருந்தால் மற்றதெல்லாம் கணக்குத்தான்.

தினமும் ஆபீஸ் போக ஒரு தோள் மடிப்பு. கழுத்துக்கும் கைத் தையலுக்கும் நடுவே அவளுக்கு நாலரை அங்குலம் இருக்கிறது. மடிப்பு அதைவிட அகலமானால் கைப் பக்கம் சரியும். 36 அங்குலத்தை நாலரையாக மடித்தால் எட்டு மடிப்பு வரும். சிஃபானில் எட்டு மடிப்பும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாலே கலைந்துவிடும். கோராவில் நேர் எதிர். கோரா காட்டன் பட்டு இழையும் பருத்தி இழையும் கலந்தது. அந்தப் பட்டிலிருக்கும் இயற்கைப் பசையை நீக்காமலே நெய்வதால்தான் கோராவுக்கு அந்த விறைப்பு. நீவிவிட்ட மடிப்பு அப்படியே நிற்கும். ஆனால் எட்டு மடிப்பும் சேர்ந்தால் தோளில் அட்டை வைத்த மாதிரி எழும்பும். ஸ்டோலில் ஆறேழு மடிப்புத்தான், துணியும் மெது, தோளோடு படிந்துவிடுகிறது. ஆபீசுக்கு ஸ்டோல்தான் என்று அங்கேயே முடிவானது.

இதில் ஊக்கு குத்துவதுதான் பெரிய விஷயம். போன வருஷம் நான் ஒரு சிஃபான் ஷாலைத் தோள்பட்டையிலேயே கிழித்துக்கொண்டேன். ஊக்கின் சுருள் இருக்கிறதே, அதற்குள் துணி நழுவிப் போய் மாட்டிக்கொண்டது. அவசரத்தில் இழுத்தேன், கிழிந்தது. அன்றிலிருந்து ஊக்கில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்துச் சுருள் வரை தள்ளிவிடுகிறேன். அதற்கப்புறம்தான் துணியில் குத்துவேன். மணி வழியை அடைத்துக்கொள்வதால் துணி சுருளுக்குள் போவதில்லை. குத்துகிற இடமும் முக்கியம். டாப்ஸின் முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் தோள் தையலில் துணி பல அடுக்காக இருக்கும், பாரம் தாங்கும். உள்ளே இருந்து குத்தி, மடிப்புகளைப் பிடித்து, மேல் மடிப்பை மட்டும் விட்டுவிட்டால் ஊக்கு வெளியே தெரியாது. கரை போட்ட துணியானால் அந்த மேல் மடிப்பில் கரை முழுதாகத் தெரிய வேண்டும். பாதிக் கரை உள்ளே போனால் அவசரத்தில் கட்டியது போலிருக்கும்.

இரண்டு தோளிலும் போட்டு முன்னால் வளைவாகத் தொங்க விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிஃபானுக்கு அழகாக வரும், கோராவில் வளைவு விழாமல் கூர்மையாக முட்டி நிற்கும். அதைவிட, ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பின்னால் தொங்கும் இரண்டு முனைகளும் பறக்கும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் இப்படிப் போடவே கூடாது. முனை பின் சக்கரத்தில் சுற்றினால் கழுத்தைத்தான் இறுக்கும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

வண்டிக்கென்றே ஒரு கட்டு இருக்கிறது. இடது தோளில் ஷாலின் நடுப்பகுதியை ஊக்கால் பிடித்து, முன்முனையையும் பின்முனையையும் குறுக்கே வலது இடுப்புக்குக் கொண்டுவந்து முடிச்சுப் போடுவது. முன்னால் ஒரு மீட்டர், பின்னால் ஒரு மீட்டர், முடிச்சுக்கு அரை மீட்டர்: இரண்டரை மீட்டர் ஷால் கச்சிதம். ஸ்டோலின் இரண்டு முனையும் இடுப்பில் சந்திக்கும், முடிச்சுக்குத் துணி மிஞ்சாது. அங்கே ஊக்குத்தான் போட வேண்டும், குனிந்தால் இழுக்கும். ஆகவே பஸ் ஸ்டாண்டு வரை ஸ்டோலை மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, இறங்கியதும் போட்டுக்கொள்வது என்று வைத்தோம். சிஃபானை வண்டிக்கு இந்தக் குறுக்குக் கட்டில் போடலாம், சின்ன முடிச்சாக விழும். முடிச்சுக்குக் கீழே தொங்குவது ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது.

கோபியில் ஒரு வரவேற்பு இருந்தது. அதே கரும்பச்சைதான். அதற்குத் தாவணி மாதிரிக் கட்டிப் பார்த்தோம், அந்த ஞாயிற்றுக்கிழமையின் அழகே அதுதான். முதலில் கோராவை வலது இடுப்பில் ஊக்குப் போட்டு, குறுக்கே இடது தோளுக்கு ஏற்றினோம். ஒரு மீட்டர் அங்கே செலவானது, மீதி ஒன்றரை மீட்டர் பின்னால் தரை வரை தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தாள், முந்தியின் மேலேயே உட்கார்ந்தாள். அவிழ்த்துவிட்டு, இந்தத் தடவை இடது இடுப்பில் ஆரம்பித்து முதுகைச் சுற்றி வலது இடுப்புக்குக் கொண்டுவந்து, அப்புறம் குறுக்கே ஏற்றினேன். இடுப்பைச் சுற்ற அரை மீட்டர் போனது. பின்னால் ஒரு மீட்டர் மிஞ்சி முழங்காலுக்குக் கீழே நின்றது. சிவப்புக் கரை மார்புக்குக் குறுக்கே ஒரே கோடாக ஓடியது. அந்த விறைப்பு தோளில் துருத்தினாலும் இங்கே அதுவே அழகு.

ஸ்டோலையும் விடவில்லை. இடுப்பைச் சுற்றாமல் நேராக வலது இடுப்பிலிருந்து ஏற்றினால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அகலம் குறைவு, இடுப்புப் பக்கம் வெறுமையாகத் தெரிகிறது. கல்யாணத்துக்குக் கோரா, பிறந்தநாள் போன்ற சின்ன விசேஷத்துக்கு ஸ்டோல்.

பாவாடையில் சொருகுவது போலச் சுடிதாரில் சொருக இடமில்லை என்பது இந்தக் கட்டின் குறை. பெல்ட் போட்டால் கை தூக்கும்போதெல்லாம் டாப்ஸும் மேலேறும். எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் காட்டினேன். "ஊக்குக் குத்திக் குத்தித் துணியக் கிழிச்சுப் போடாதீங்க அம்மிணி, நான் கொக்கி வெச்சுத் தர்றனுங்க" என்றார். டாப்ஸின் பக்கத் தையலில், ஓப்பன் தொடங்கும் இடத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரு நூல் கண்ணி. ஷாலின் மூலையில் பிளவுஸ் கொக்கி ஒன்று, அரை மீட்டர் தள்ளி மேல் கரையோரமாக இன்னொன்று. பார்த்தால் எதுவும் தெரியாது, மாட்ட அரை நிமிஷம்.

கோராவை மட்டும் வீட்டில் சுடுதண்ணீரிலும் சோப்பிலும் ஊறப்போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பசை கரைந்து துணி தொய்ந்துவிட்டால் அந்தத் தாவணிக் கட்டு மறுபடி வராது. வரவேற்பு முடிந்து வந்த ராத்திரியே அவள் அதை நிழலில் காற்றாட விரித்துப் போட்டிருந்தாள். மறுநாள் காலை கரும்பச்சை டாப்ஸ் துவைக்கப் போனது, கண்ணிகள் இரண்டும் அப்படியே இருந்தன.