மொபைல் ரூட்டரும் ஃபைபரும்: நெல்லிக்குப்பத்து வீட்டில் இரண்டு ஆண்டுகள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் மைத்துனர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, வீட்டுக்கு நெட் போடணும், சிம் போடுற ரூட்டர் வாங்கட்டுமா, ஃபைபர் இழுக்கட்டுமா?" என்று கேட்டார். நான்கு நாட்கள் அறுந்து கிடந்த எங்கள் ஃபைபர் இணைப்பு அதற்கு முந்தைய நாள்தான் உயிர் பெற்றிருந்தது. அந்தக் கோபம் ஆறாத நிலையில் அவருக்கு நான் சொன்ன பதிலும், நிதானமாக இருக்கும்போது நான் அறிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். மொபைல் ரூட்டரை 14 மாதங்களும், ஃபைபரை 10 மாதங்களும் பயன்படுத்தியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இணையத்தின் முதல் வேலை படம் பார்ப்பதன்று. என் மனைவி கர்நாடக இசை சொல்லித் தருகிறார். மாணவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதால், சனி, ஞாயிறு மாலை 7:30 மணிக்கு, அதாவது அவர்களுடைய காலை நேரத்தில், வீடியோ வழியாக வகுப்பு நடக்கும். ஆகவே வீட்டுக்குள் எவ்வளவு வேகமாகத் தரவு வருகிறது என்பதைக் காட்டிலும், வீட்டிலிருந்து வெளியே போகும் அப்லோடு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம். இந்த ஒரு தேவையை வைத்துத்தான் நான் இரண்டையும் எடைபோடுகிறேன்.

மொபைல் ரூட்டர் வந்த நாளில் எனக்கு அதன்மீது குறை சொல்ல எதுவுமில்லை. சுவரில் துளை போட வேண்டியதில்லை, கம்பம் ஏற வேண்டியதில்லை, பெட்டியைப் பிரித்த கால் மணி நேரத்தில் வேலை செய்தது. காலை 11 மணிக்குச் சோதித்தால் டவுன்லோடு 150 எம்பிபிஎஸ், அப்லோடு 18 எம்பிபிஎஸ் வரை காட்டியது. ஆனால் ஞாயிறு மாலை 8 மணிக்கு டவுன்லோடு 20 ஆகவும், அப்லோடு 1.5-க்குக் கீழேயும் இறங்கிவிடும். ரூட்டரின் சிக்னல் விளக்குகளோ காலையில் எரிந்தது போலவே முழுதாக எரியும். எங்கள் பக்கம் மாணவர்களின் முகம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் தாயார், "டீச்சர், நீங்க பாடுறது நடுவுல விட்டுப்போகுது" என்பார். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்துப் பாடிக் காட்டும் இடத்தில் அந்த அசைவு போய், தட்டையான ஒற்றை ஒலி மட்டும் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கமகம் என்னும் அந்த அசைவே போய்ச் சேரவில்லை என்றால் அந்த வகுப்பில் எதைக் கற்றுத் தருவது?

இதற்கு விடை தேடியபோதுதான் ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் வரும் பக்கத்தில் RSRP, SINR என்று இரண்டு எண்கள் இருந்தன. முதலாவது, கைபேசிக் கோபுரத்தின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் காட்டுவது. எங்களுக்கு அது −82, நல்ல அளவுதான். விளக்குகள் பெரும்பாலும் இதை வைத்தே எரிகின்றன. இரண்டாவது, அந்தக் குரல் சுற்றியுள்ள இரைச்சலைவிட எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைக் காட்டுவது. எங்களுக்கு அது வெறும் 3. சந்தைக்கடையில் ஒருவர் உரக்கப் பேசினாலும் சொல் புரியாமல் போவது போன்ற நிலை அது. ரூட்டர் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், வேறு கோபுரங்களின் அலைகளும் வந்து கலக்கும் இடத்தில் இருந்தது. அதை மாடியறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து நிமிடம் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். வடக்கு ஜன்னலில் SINR 14 ஆனது. அங்கேயே நிறுத்தி, 20 மீட்டர் லேன் கேபிளைக் கீழே இறக்கி மனைவியின் கணினியில் செருகியதும், ஞாயிறு மாலை அப்லோடு 6 எம்பிபிஎஸ் வந்தது. நான்கைந்து மாதங்கள் வகுப்பு குறையின்றி நடந்தது. ரூட்டர் வாங்கிய பலரும் இந்த ஒரு வேலையைச் செய்யாமலே அதைத் திட்டுகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்; இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த கோடை விடுமுறையில் பழைய கதை திரும்பியது. இம்முறை SINR அதே 14-இல் நின்றிருக்க, வேகம் மட்டும் மாலையில் சரிந்தது. வீட்டுக்குள் இருக்கும் இணைப்பில் கோளாறு இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, கணினியில் இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன்:

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

முதலாவது, வீட்டிலுள்ள ரூட்டர் வரை போய்த் திரும்பும் நேரம். அது 1 அல்லது 2 மில்லி விநாடியைத் தாண்டவில்லை. இரண்டாவது, வெளியுலகம் வரை போய்த் திரும்பும் நேரம். அது காலையில் 30-ஐ ஒட்டியிருந்து, மாலையில் 60, 380, 90, 410 என்று தாவியது. வீட்டுக்குள் கோளாறில்லை, சிக்னலும் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் மாலையில் மட்டும் தடுமாறுகிறது என்றால், ஒரே கோபுரத்தை ஊரே பகிர்ந்துகொள்ளும் நெரிசல்தான் காரணம். அதை ஜன்னல் மாற்றித் தீர்க்க முடியாது. நெரிசலில் அப்லோடு முதலில் அடிபடுவதற்கும் காரணம் உண்டு. 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருவதும் போவதும் ஒரே அலைவரிசையில், நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு நடக்கின்றன; அந்த நேரத்தின் பெரும்பங்கு டவுன்லோடுக்கே ஒதுக்கப்படுகிறது. அதோடு, கோபுரத்தின் ஆற்றலுக்கு முன்னால் நம் வீட்டு ரூட்டர் அனுப்புவது கால் வாட்டு அளவுதான்.

ஃபைபருக்கு நியாயம் செய்ய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புயல் வந்தால் கம்பி அறும், கோபுரம் நிற்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்களிடம் இருந்தது மொபைல் ரூட்டர்தான். சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் அதை ஓடவைத்துக்கொண்டிருந்தது. ஆனால் சில மணி நேரத்தில் கோபுரத்தின் மின்கலமே தீர்ந்து சிக்னல் போய்விட்டது. கடலூர்ப் பக்கத்துப் புயலுக்கு இரண்டில் எதையும் நம்ப முடியாது என்பதே என் அனுபவம்.

பிறகு 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஃபைபர் போட்டோம். போகும் வேகமும் வரும் வேகமும் ஒன்றே. வெளியுலகம் வரை போய்த் திரும்பும் நேரம் ஞாயிறு மாலை 8 மணிக்கும் 10 மில்லி விநாடி, திங்கள் விடியற்காலையிலும் 10 மில்லி விநாடி. ஃபைபரிலும் பகிர்வு உண்டு: வீட்டு ஃபைபருக்குப் பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் ஒரு இழை, மின்சாரமே தேவைப்படாத ஸ்பிளிட்டர் வழியாகப் பிரிந்து, வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஆனால் அந்த இழை வீடுகளிலிருந்து வெளியே கொண்டுபோவது மட்டுமே 1.2 ஜிபிபிஎஸ் என்பதால் எங்களுக்கு நெரிசல் தெரிவதேயில்லை. முதல் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அந்த மாணவியின் தாயார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருந்ததாகச் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. (ஃபைபர் என்ற பெயரில் தெருமுனைப் பெட்டி வரை மட்டும் இழையைக் கொண்டுவந்து, அங்கிருந்து சாதாரண லேன் கேபிளை இழுத்துத் தருபவர்களும் உண்டு. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனால் உங்கள் வீட்டு யுபிஎஸ்ஸால் பயனில்லை. வீட்டுக்குள் வரும் கம்பி மெல்லியதாக, முனையில் பச்சை அல்லது நீல நிறக் கனெக்டரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

பத்தாவது மாதத்தில், கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று எங்கள் தெரு முனையில் தாழ்வாகத் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போனது. வீட்டிலுள்ள ஃபைபர் கருவியில், இணைப்பு இருப்பதைக் காட்டும் PON விளக்கு அணைந்து, LOS விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கியது. ஒளியே வரவில்லை என்பதுதான் அதன் பொருள். அணைத்துப் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை. அரவைக் காலத்தில் இந்த ஊரில் கரும்பு வண்டி எவ்வளவு உயரமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைத் தெரிந்தும் கேபிளை அப்படித் தொங்கவிட்டதை ஒருவாறு பொறுத்துக்கொண்டாலும், ஒருவரும் வந்து பார்க்காமலே என் புகார் இரண்டு முறை "சரிசெய்யப்பட்டது" என்று முடிக்கப்பட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வார இறுதி வகுப்புகளை மாடி ஜன்னலில் திரும்ப ஏற்றப்பட்ட பழைய மொபைல் ரூட்டர்தான் காப்பாற்றியது.

நான்காம் நாள் தம்பி ஒருவர் வந்து, அறுந்த இழையை இணைத்துவிட்டு, விளக்கு பச்சையானதும் கிளம்ப முற்பட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் அன்று இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன. ஆனால் உலாவியில் திறக்கும் கருவியின் அமைப்புப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் Rx Power என்ற எண்ணைப் பார்க்கச் சொன்னேன். இணைப்பு போட்ட நாளில் அது −19.2 dBm என்று நான் குறித்து வைத்திருந்தேன், இப்போது −26.7 காட்டியது. இந்தக் கணக்கில் 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிறது என்று பொருள். ஆக, முன்பு வந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குகூட இப்போது வரவில்லை. −27 இந்தக் கருவிகளின் விளிம்பு. அங்கே நிற்கும் இணைப்பு இன்று ஓடும், இணைப்புப் பெட்டியில் ஈரம் ஏறினாலோ கம்பி சற்று மடங்கினாலோ துண்டித்துப்போகும். அவர் மறுக்காமல் கம்பத்தில் மீண்டும் ஏறி, இழையைச் சீராக வெட்டித் திரும்ப இணைத்து, வீட்டுக் கனெக்டரையும் துடைத்துச் செருகினார். எண் −20.1 ஆனது. பச்சை விளக்கை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த மழையில் மீண்டும் புகார் கொடுத்துக்கொண்டிருப்போம்.

மறுநாள்தான் மைத்துனரின் அழைப்பு. மேலே எழுதிய எல்லாவற்றையும் அறிந்திருந்தும், "மொபைல் ரூட்டரே வாங்கு" என்றேன். என் மனைவி பக்கத்திலிருந்து, "ஃபைபரை நாம எடுக்கப் போறதில்லையே, அவனுக்கு மட்டும் ஏன் இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. ஆனாலும் என் பதிலை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பழுதானால் கையில் எடுத்துப் பார்த்து, இடம் மாற்றி, நானே ஏதாவது செய்ய முடிந்த பொருளை நம்பலாம் என்றும், யாரோ வருவார்கள் என்று சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நான்கு நாள் உட்கார வைத்த பொருளை நம்பக் கூடாது என்றும் என் மனம் சொல்கிறது. மைத்துனர் வீட்டில் பாட்டு வகுப்பும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் மட்டும், அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியை ஞாயிறு இரவு 8:30 மணிக்கு வீட்டு ஜன்னலில் வைத்து, அப்லோடு 3 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் நிற்கிறதா என்று இரண்டு வாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.