வேளைக் கூலியா, வாரச் சம்பளமா? நான்கு வீடுகளில் சமைப்பவரின் ஒரு வாரக் கணக்கு

பல வீடுகளில் பகுதிநேரமாகச் சமைப்பவரிடம் வாரம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிச் சொல்வார். இந்த வீட்டில் இத்தனை வேளை, அந்த வீட்டில் இத்தனை வேளை, வேளைக்கு இவ்வளவு. கணக்கு சரிதான். ஆனால் வாரக் கடைசியில் கைக்கு வருவது அந்தத் தொகையாக இருப்பதில்லை. துண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க, ஒரே வாரத்துக்கு வேளைக் கூலி, வாரச் சம்பளம், உத்தரவாதத்தோடு கூடிய வேளைக் கூலி என்று மூன்று விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வேளைக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் விகிதம் மாறாது. முதல் வீட்டில் இரண்டு பேர், வாரத்துக்கு 6 வேளை, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். இரண்டாவது வீட்டில் நான்கு பேர், 5 வேளை, ஒன்றேகால் மணி நேரம். மூன்றாவதில் மூன்று பேர், 6 வேளை, ஒரு மணி நேரம். நான்காவது பெரிய குடும்பம்: ஆறு பேர், 3 வேளைதான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு வேளைக்கும் போக 20 நிமிட நடை. மொத்தம் 20 வேளை, அதாவது 2000.

இது ஒரு வேளைகூடத் தவறாத வாரத்தின் கணக்கு. அப்படி ஒரு வாரம் அமைவது அபூர்வம். முதல் வீட்டார் இரண்டு நாள் ஊரில் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நான்காவது வீட்டிலும் ஒரு வேளை வேண்டாம் என்று முந்தின இரவே தகவல் வந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் நடந்ததுதான் மனதை அறுப்பது. நேரத்துக்குப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, மணியை அடித்தால், கதவைப் பாதி திறந்துகொண்டு, "அக்கா, இன்னிக்கு வெளியில சாப்பிட்டுக்கிறோம், சொல்ல மறந்துட்டேன்" என்கிறார்கள். நடையும் போச்சு, நேரமும் போச்சு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை வேறு வீட்டுக்குக் கொடுக்கவும் வழியில்லை. நான்கு வேளை போய், கைக்கு வருவது 1600. வெறும் வேளைக் கூலியில், வீட்டார் திட்டத்தை மாற்றுவதால் வரும் நட்டம் முழுக்கச் சமைப்பவர் தலையில்தான் விழுகிறது.

வாரச் சம்பளம் பேசினால் இந்த இழப்பு இல்லை. நிலையான வருமானம் என்பதற்காக வீட்டார் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள். வேளைக்கு 90 என்று படிந்தால் வாரம் 1800. இதை ஒரே வரியில் சோதிக்கலாம்: 1800 என்பது 18 வேளைக் கூலி. வாரத்துக்குச் சராசரியாக இரண்டு வேளைக்கு மேல் நின்றுபோனால் வாரச் சம்பளம் லாபம், அதற்குக் குறைந்தால் வேளைக் கூலி லாபம். நம் வாரத்தில் நான்கு நின்றது, ஆகவே வாரச் சம்பளம் 200 முன்னால் நிற்கிறது.

ஆனால் வாரச் சம்பளத்தில் பணம் வேறு வழியாகக் கரையும். எத்தனை வேளை என்று யாரும் எண்ணாததால் வேலை மெல்ல மெல்ல வளரும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி, மறுநாள் காலைக்கும் சேர்த்துக் கொஞ்சம், காய் நறுக்கி வைத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு சொல். எல்லாமே அன்பாகக் கேட்கப்படுவதால் மறுக்க வாய் வராது. நின்றுபோன வேளை ஏதும் இல்லாமல் மூன்று வேளை கூடிவிட்டாலே 1800-ஐ 23-ஆல் வகுக்க வேண்டும். வேளைக்கு 78 ஆகிவிடுகிறது. இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்தால் போதும். சம்பளம் அதே இடத்தில் நிற்க, நேரம் நகர்ந்துகொண்டே இருந்தால் கூலி குறைந்துவருகிறது என்று பொருள்.

வேளைக் கூலியிலேயே இன்னொரு ஓட்டை உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. நடையையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வீட்டின் 6 வேளைக்கு ஆறரை மணி நேரம் போகிறது, வருவது 600. மணிக்கு 92. நான்காவது வீட்டின் 3 வேளைக்கு ஏழு மணி நேரம், வருவது 300. மணிக்கு 43. இரண்டு வீட்டிலும் வேளைக்கு 100தான் என்று பேசியிருந்தாலும் உண்மைக் கூலியில் பாதிக்கு மேல் வித்தியாசம். நான்கு வீட்டிலும் ஒரே கூலி வாங்குவதுதான் நியாயம் என்று நினைத்துப் பேசிவிடுகிறார்கள். அங்கேதான் பெரிய குடும்பத்தின் பாரத்தைச் சமைப்பவர் சுமக்கிறார்.

மூன்றாவது வீட்டை அளவுகோலாக எடுக்கலாம். நடையோடு 8 மணி நேரத்துக்கு 600, மணிக்கு 75. நான்காவது வீட்டிலும் அதே 75 வர வேண்டுமானால் வேளைக்கு 175 கேட்க வேண்டும். அதாவது மூன்று பேர் வரைக்கும் 100, அதற்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் 25. இரண்டாவது வீட்டின் நான்கு பேருக்கு 125 ஆகும். அங்கே மணிக்கு 79 வருகிறது, ஏறக்குறைய சமன்தான்.

இதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் மூன்றாவது முறை தயார். எந்த வீடும் வாரத்துக்கு ஒரு வேளையைக் கூலி இல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம், முந்தின இரவே சொல்லியிருந்தால். அதற்கு மேல் நிறுத்தினாலும் வாசலில் வந்தபிறகு சொன்னாலும் முழுக் கூலி. அதே வாரத்தை இப்போது பாருங்கள். முதல் வீடு இரண்டை நிறுத்தியது, ஒன்றுதான் சலுகை, ஆகவே 500. இரண்டாவது வீடு ஐந்துக்கும் கொடுக்க வேண்டும், 625. மூன்றாவது 600. நான்காவது சலுகையைப் பயன்படுத்திக்கொண்டது, இரண்டு வேளைக்கு 350. மொத்தம் 2075. வெறும் வேளைக் கூலியில் 1600, வாரச் சம்பளத்தில் 1800.

என் மனம் இந்த மூன்றாவதன் பக்கம்தான். வீட்டாரும் ஏற்கக்கூடியது. உண்மையான தேவைக்கு நிறுத்த அவர்களுக்கும் இடமிருக்கிறது. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் நிறுத்துவதற்கும், வேறு வீடு பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்காதபடி கடைசி நிமிடத்தில் மறுப்பதற்கும் மட்டும்தான் விலை வைக்கிறது. ஆனால் இது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "யார் எப்போது சொன்னது" என்ற வாக்குவாதத்திலேயே உறவு கெட்டுவிடும். சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சமைத்த வேளைக்கு ஒரு கோடு, நின்றதற்கு ஒரு வட்டம், தகவல் வந்த நேரம் பக்கத்தில். இரு தரப்பும் தினமும் பார்க்கிற இடம் அது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆம் உடன்படிக்கை வீட்டுப் பணியாளர்களுக்கானது. ஒரு வீட்டுக்காகவோ பல வீடுகளுக்காகவோ செய்யும் வேலை இரண்டையும் அது கணக்கில் எடுக்கிறது. கூலி எவ்வளவு, எப்படிக் கணக்கிடப்படும், எத்தனை நாளுக்கொருமுறை கொடுக்கப்படும் என்பதைப் பணியாளருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். ஆனால் எந்த வீட்டில் பேச உட்கார்ந்தாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் அவைதான்.

வாரச் சம்பளத்தை முற்றாகத் தள்ளவும் மாட்டேன். முதல் வீட்டைப் போல இரண்டே பேர், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள், வேலை கூடாத வீடு என்றால் அங்கே வாரச் சம்பளம் பேசுவதே மேல். வேளைக்கு 90 என்றாலும் வாரம் 540. இரண்டு வேளை நின்ற வாரத்தில் வெறும் வேளைக் கூலி தரும் 400-ஐ விடவும், உத்தரவாதத்தோடு வரும் 500-ஐ விடவும் அது அதிகம்.