ஓஃபர் லெட்டர் திரும்பி வரவில்லை: வட்ஸ்அப்பில் கேட்பதா, மெயிலில் கேட்பதா?

நுவரெலியாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. இன்டர்வியூ முடிந்து, சம்பளம் பேசி, ஓஃபர் லெட்டரும் அனுப்பியாகிவிடும். அதற்குப் பிறகு தெரிவானவர் பக்கத்தில் இருந்து ஒரு சத்தமும் வராது. அப்போது எதில் நினைவூட்டுவது என்பதில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன். இப்போது நான் மெயில் பக்கம்தான்.

வட்ஸ்அப்பின் நன்மை எல்லோருக்கும் தெரிந்தது. உடனே போய்ச் சேரும், உடனே பதில் வரும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மெயிலைத் திறப்பதே வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான். கோல் எடுப்பதும் நல்லதுதான், ஆனால் சொன்ன திகதி காற்றோடு போய்விடும்.

கணக்குப் பிரிவுக்கு பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்தில் இருந்து ஒரு தங்கச்சியைத் தெரிவு செய்தோம். அப்போது அவர் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை லெட்டரை மெயிலில் அனுப்பினேன். 'ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும்' என்று அதில் இருந்தது. அடுத்த திங்களும் வந்தது, லெட்டர் வரவில்லை. வட்ஸ்அப்பில் எழுதினேன்: 'தங்கச்சி, லெட்டரை சைன் பண்ணிச் சீக்கிரம் அனுப்புங்க.' இரண்டு நிமிடத்தில் 'ஓகே மிஸ்' என்று பதில், கூடவே கும்பிடும் கை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

செவ்வாய் போயா, அலுவலகம் மூடல். புதனும் போனது. வியாழன் பின்னேரம், எதற்கும் இருக்கட்டும் என்று பட்டியலில் இரண்டாவதாக இருந்தவரை அழைத்தேன். அவர் முந்தின நாள்தான் கண்டியில் ஓரிடத்தில் சேர்ந்திருந்தார். நான் அந்த 'ஓகே'யை நம்பி மூன்று நாளை விட்டதற்கு அதுதான் விலை.

அந்தத் தங்கச்சி பொய் சொல்லவில்லை. அவருடைய 'ஓகே'க்கு அர்த்தம் 'உங்கள் மெசேஜைப் பார்த்தேன்' என்பது. நான் அதை 'வேலையை ஏற்றுக்கொள்கிறேன்' என்று எடுத்துக்கொண்டேன். இது சட்டப் பிரச்சினையும் இல்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதில் செல்லாமல் போகாது. எதற்கு 'ஓகே' என்பதுதான் கேள்வி. என் மெசேஜில் திகதியும் இல்லை, கேள்வியும் இல்லை. அதற்கு வேறு பதில் வர வழியும் இல்லை.

வெள்ளி காலை, லெட்டர் போன அதே மெயிலுக்குப் பதிலாக இதை எழுதினேன்:

> வணக்கம் தங்கச்சி,
>
> கடந்த வாரம் அனுப்பிய ஓஃபர் லெட்டரை மீண்டும் இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்ட பிரதி இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.
>
> வரும் செவ்வாய்க்கிழமை பகல் 12 மணிக்கு முன் அனுப்பிவையுங்கள். எல்லாப் பக்கங்களையும் ஃபோனில் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால் போதும். மூலப் பிரதியை வேலைக்கு வரும் முதல் நாள் கொண்டு வரலாம்.
>
> சேரும் திகதியிலோ வேறு விடயத்திலோ ஏதாவது தடை இருந்தால் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுதுங்கள், பேசிக்கொள்ளலாம். அந்த நேரத்துக்குள் லெட்டரோ பதிலோ வராவிட்டால், நீங்கள் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வேறொருவரை அழைப்போம்.

இதில் 'சீக்கிரம்' இல்லை, 'ஒரு வாரத்துக்குள்' இல்லை. ஒரு வாரம் என்றால் லெட்டரில் போட்ட திகதியில் இருந்தா, கையில் கிடைத்த நாளில் இருந்தா? ஆளுக்கொரு கணக்கு வரும். கிழமையும் மணியும் போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. செவ்வாய் என்று வைத்ததற்குக் காரணம், இடையில் சனி, ஞாயிறு வருகிறது. வேலைக்குப் போகிறவருக்கு டவுனில் பிரிண்ட் எடுக்க அந்த இரண்டு நாள்தான். பகல் 12 மணி என்று வைத்தது எனக்காக. லெட்டர் வராவிட்டால் அன்று பின்னேரமே அடுத்தவரை அழைக்கலாம். வெள்ளி மாலை 5 மணி என்று கெடு வைத்தால் திங்கள் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

கடைசி வரியை எழுத எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. மிரட்டுவதுபோல் இருக்குமோ என்று பயம். ஆனால் 'வேறு தீர்மானம் எடுக்க நேரிடும்' என்று பூசி மெழுகுவதுதான் வாசிப்பவரைக் கலங்க வைக்கும். என்ன நடக்கும் என்று நேராகச் சொன்னால் அவர் யோசித்து முடிவெடுப்பார். ஒன்று மட்டும்: உண்மையிலேயே செய்யப் போகிறோம் என்றால் மட்டும் எழுத வேண்டும். அதனால் மேலாளரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே அனுப்பினேன்.

அன்று இரவே பதில் வந்தது. லெட்டரில் சேரும் நாள் 1ஆம் திகதி. அவருடைய கடையில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 15ஆம் திகதிதான் வர முடியும். 'திகதியை மாற்றக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்று பயந்தேன் மிஸ்' என்று எழுதியிருந்தார். இன்னொன்றும் கேட்டிருந்தார்: நான் அனுப்பிய லெட்டரில் எங்கள் பக்கத்துக் கையெழுத்து இல்லையே, அதை நம்பிக் கடையில் எப்படி நோட்டீஸ் கொடுப்பது? திறந்து பார்த்தால் உண்மைதான். கையெழுத்திடாத பிரதியை இணைத்திருந்தேன். அந்தப் பிள்ளை காத்திருந்தது நூற்றுக்கு நூறு நியாயம். அன்றில் இருந்து நினைவூட்டுவதற்கு முன் என் லெட்டரைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.

சனிக்கிழமை 15ஆம் திகதி போட்டு, எங்கள் கையெழுத்துடன் புது லெட்டர் அனுப்பினோம். பழையதில் பேனாவால் வெட்டித் திருத்தவில்லை. பிறகு எந்தத் திகதி செல்லும் என்ற பேச்சு வரக்கூடாது. திங்கள் பின்னேரம் எல்லாப் பக்கமும் படமாக வந்து சேர்ந்தன.

வட்ஸ்அப்பிலேயே இவ்வளவையும் எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதலாம்தான். ஆனால் அங்கே நீளமாக எழுத மனம் வருவதில்லை, வாசிக்கவும் வருவதில்லை. இரண்டு நாளில் வேறு மெசேஜ்களுக்கு அடியில் போய்விடும். மெயிலில் லெட்டர், கெடு, பதில் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். அப்பாவிடமோ அண்ணாவிடமோ காட்டிக் கேட்கவும் முடியும். எங்கள் லெட்டர் ஆங்கிலத்தில்தான் போகிறது. நினைவூட்டலைத் தமிழில் எழுதியதால்தான் அந்தப் பிள்ளை மனம்விட்டு எழுதியது என்று நினைக்கிறேன்.

நான் சொல்வது அலுவலக வேலைகளுக்கு. சமையலறை, தோட்டப் பராமரிப்பு வேலைகளுக்கு ஆள் எடுப்பதில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே நேரில் வரச் சொல்வதே சுலபமாக இருக்கலாம். கணினியில் கையெழுத்து வாங்கும் சேவைகளையும் நான் பாவித்துப் பார்க்கவில்லை.

வட்ஸ்அப்பை விட்டுவிடவில்லை. மெயிலை அனுப்பிய கையோடு ஒரு வரி போடுகிறேன்: 'தங்கச்சி, மெயில் ஒன்று அனுப்பியிருக்கிறேன், செவ்வாய் 12 மணிக்கு முன் அதற்குப் பதில் வேண்டும்.' அதற்கு 'ஓகே மிஸ்' வந்தால், மெயிலைத் திறக்கப் போகிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.