குறையைத் தீர்ப்பதா, பொறுப்பைக் கொடுப்பதா?

ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கடை. வருடத்துக்கு மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை எப்படித் தக்கவைப்பது?

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் முன்வைத்த இரு காரணிக் கோட்பாட்டின்படி இங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. சம்பளம், ஷிப்ட், மேற்பார்வை சரியில்லை என்றால் ஆள் கிளம்பிவிடுவார். சரியாக இருந்தால் புலம்பல் நிற்கும், அவ்வளவுதான். வேலையில் பிடிப்பு வருவது பொறுப்பு, பாராட்டு போன்றவற்றால்தான்.

சேர்ந்த சில வாரங்களிலேயே ஆட்கள் ஓடினால் முதல் கணக்கைப் பாருங்கள். நாளைய ஷிப்ட்டை இன்றிரவு சொல்வதை விட்டு, இரண்டு வாரப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டலாம். இதற்குச் செலவே இல்லை.

இரண்டு வருடம் பழகிய கை கிளம்பினால் விஷயம் வேறு. ஒரு ரேக்கை அவரிடமே விடுங்கள்: எதை எவ்வளவு ஆர்டர் போடுவது, எதைத் தள்ளுபடியில் விடுவது எல்லாம் அவர் முடிவு. ஒவ்வொரு ஆர்டரையும் நீங்கள் திருத்தினால் அது பொறுப்பில்லை, கூடுதல் வேலை. சம்பளம் குறைவாக இருக்கும்போது கொடுத்தாலும் அப்படித்தான் படும்.

அப்புறம், ஹெர்ஸ்பெர்க் பேட்டி கண்டது பொறியாளர்களையும் கணக்கர்களையும். கடை ஊழியருக்குச் சம்பளத்தின் கனம் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.