“249 கிராம்தானே, பெர்மிட் எதற்கு அண்ணே?”: பினாங்கில் பழைய டிரோன் வாங்கி ஏமாந்த கதை

பாலிக் பூலாவில் என் தங்கை நடத்தும் சிறிய தங்கும் விடுதிக்காக, அதைச் சுற்றியுள்ள வயல்களையும் பின்னால் எழும் மலையையும் மேலிருந்து ஒரு நிமிடப் படமாக எடுத்துத் தர வேண்டும் என்ற ஆசையில், கடந்த ஆண்டு பயன்படுத்திய டிரோன் ஒன்றை 1,450 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். விற்றவர் நம்மவர், வீட்டிலிருந்தே டிரோன்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்னவற்றையும் நான் பின்னர் கண்டறிந்தவற்றையும் மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதே பேச்சை வேறு விற்பனையாளர்களிடமும் கேட்டதாக இரண்டு நண்பர்கள் என்னிடம் கூறியிருக்கிறார்கள்.

“அண்ணே, இது 249 கிராம்தான். 250க்குக் கீழே இருந்தால் எந்த அனுமதியும் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம்” என்றார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தை மேலிருந்து எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்றும் ஆசை காட்டினார். நான் தயங்கியதைப் பார்த்ததும், அவ்வளவு பயமாக இருந்தால் 300 ரிங்கிட் கொடுங்கள், நானே பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்றார். அனுமதியே தேவையில்லாத பொருளுக்கு எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று அந்த நொடியில் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, பணத்தைக் கொடுத்தேன்.

அந்த 250 கிராம் என்ற எண் பிற நாடுகளின் விதிகளிலிருந்து இங்கே மிதந்து வந்தது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்க விடுபவர் 250 கிராமுக்குக் குறைந்த டிரோனைப் பதிவு செய்யத் தேவையில்லை. அந்தச் சலுகைக்காகவே நிறுவனங்கள் 249 கிராமில் டிரோன்களைச் செய்து, அந்த எண்ணை டிரோனின் மேலேயே அச்சிட்டு விற்கின்றன. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிகள் பிரித்துப் பார்க்கும் எடை 20 கிலோ. அதற்குக் கீழுள்ள சிறிய டிரோனாக இருந்தாலும், கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளி உள்ளிட்ட குறிப்பிட்ட வான்வெளி வகைகளிலும், விமான நிலையத்தைச் சுற்றியுள்ள போக்குவரத்து வட்டாரத்திலும், தரையிலிருந்து 400 அடிக்கு மேலும் பறக்க விட வேண்டுமானால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். கேமரா பொருத்திய டிரோனுக்கு இன்னும் கூடுதலாக, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத மனிதர், வாகனம், கட்டடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டரும், 1,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி நிகழ்விலிருந்து 150 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. தைப்பூசக் கூட்டத்தை இந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் எனக்கு எதைச் செய்யச் சொன்னார் என்பது விளங்கும்.

பினாங்குக்காரர்கள் இன்னொன்றையும் மனதில் கொள்ள வேண்டும். தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருப்பது எல்லோருக்கும் நினைவில் இருக்கும். ஆனால் ஜார்ஜ்டவுனிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டரில், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருப்பதைப் பலர் மறந்து விடுகிறோம். பாலிக் பூலாவ் பட்டணமும் பாயான் லெப்பாஸ் ஓடுபாதையிலிருந்து அதே அளவு தூரத்தில்தான் இருக்கிறது. நடுவே மலை மறைப்பதால் விமானம் கண்ணில் படுவதில்லை என்பதற்காக வான்வெளி வேறாகி விடாது.

ஜார்ஜ்டவுனின் பாடாங் கோத்தாவில் டிரோனை மடிப்பு நீக்கித் தரையில் வைத்துக் கொண்டிருந்தபோதே பணியிலிருந்த அதிகாரி ஒருவர் வந்து அனுமதியைக் கேட்டார். 300 ரிங்கிட் வாங்கிக்கொண்டு விற்பனையாளர் அனுப்பிய பெர்மிட் கடிதத்தை நான் பெருமையாகக் கைப்பேசியில் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “எந்த இடம், எந்தத் தேதி என்று இதில் இல்லையே” என்றார். உண்மையிலேயே இல்லை. பினாங்கு மாநிலம் முழுவதும், ஓராண்டுக்கு என்று எழுதியிருந்தது. டிரோனின் வரிசை எண்ணுமில்லை, உயர வரம்புமில்லை. அவர் கடுமை காட்டாமல் பெட்டியை மூடச் சொல்லி அனுப்பி வைத்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அதன் பிறகு ஆணையத்திடம் நானே நேரடியாக விண்ணப்பித்தபோதுதான் வேறுபாடு புரிந்தது. இடத்தின் ஆயத்தொலைவுகள், பறக்கும் நாள், நேரம், அதிகபட்ச உயரம், டிரோனின் விவரம், இயக்குபவரின் விவரம் என எல்லாவற்றையும் நாம் கொடுக்க வேண்டும், கிடைக்கும் அனுமதியும் அவற்றுக்கு மட்டுமே செல்லும். இதை வாரக்கணக்கில் முன்னதாகத் தொடங்க வேண்டும். வான்வழிப் படமெடுப்பதற்கு ஜூப்பெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறையின் அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஆகவே “மாநிலம் முழுவதற்கும் ஒரே பெர்மிட்” என்று யாராவது விற்றால், அது கோப்பாக்கப்பட்ட வெறும் தாள்.

காகிதத்தில் ஏமாந்தது பணத்தோடு போயிற்று. பேட்டரியில் ஏமாந்தது டிரோனையே கொண்டு போகப் பார்த்தது.

“பத்து தடவைகூட சார்ஜ் போட்டதில்லை” என்று சொல்லித்தான் அவர் விற்றார். அனுமதி கிடைத்த நாளில், பிற்பகல் நான்கு மணிக்கு, சுங்கை பூரோங் பக்கம் வயல் வரப்பில் நின்று டிரோனை ஏற்றினேன். கடற்காற்று மேற்கிலிருந்து நிலத்தை நோக்கி வீசிக் கொண்டிருந்தது. மலையைப் படமெடுக்க நான் அதைக் கிழக்கே, காற்றின் போக்கிலேயே 350 மீட்டர் அனுப்பினேன். அந்தத் தூரத்திலேயே அது வானத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோமீட்டர்க் கணக்கெல்லாம் சிக்னல் எட்டும் தூரம், கண் எட்டும் தூரமல்ல. திரையில் 46 விழுக்காடு என்று இருந்தது. திருப்பியதும் எண் விறுவிறுவெனச் சரிந்து 19க்கு வந்து, குறைந்த மின்சார எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கியது.

நடந்தது இதுதான். சாதாரண நிலையில் இந்த வகை டிரோன் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் செல்லும். மேலே காற்று நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக் கொண்டால், போகும்போது 22 நொடியில் கடந்த தூரத்தை, எதிர்க்காற்றில் நொடிக்கு 4 மீட்டராகக் கடந்து திரும்ப 88 நொடி ஆகும், அவ்வளவு நேரமும் மோட்டார்கள் முழு மூச்சில் உழைக்க வேண்டும். தேய்ந்த பேட்டரியின் உள்மின்தடை கூடியிருக்கும். அசைவின்றி மிதக்கும்போது நன்றாக இருப்பதுபோல் காட்டிவிட்டு, அதிக மின்னோட்டம் இழுக்கப்படும்போது அதன் மின்னழுத்தம் சட்டென்று கீழே விழும். திரையில் தெரியும் விழுக்காடு அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

தானாகத் திரும்பும் வசதியைப் பழைய அமைப்பிலேயே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திரும்பும் உயரத்தைப் பழைய உரிமையாளர் 20 மீட்டர் என்று வைத்திருந்தார், வழியிலோ அதைவிட உயர்ந்த தென்னை வரிசை இருந்தது. நல்லவேளையாக அதை மட்டும் காலையிலேயே பார்த்து 40 ஆக மாற்றியிருந்தேன். தென்னைகளைத் தாண்டியதும் தானியங்கித் திரும்பலை நிறுத்திவிட்டு, திறந்த வயலுக்கு மேல் 10 மீட்டருக்கு இறக்கினேன், ஏனெனில் தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாக இருக்கும். மின்கம்பி ஏதுமில்லாத வயல் என்பதால்தான் அதைச் செய்ய முடிந்தது. 7 விழுக்காட்டில் வரப்பில் வந்து உட்கார்ந்தது. என் கைகள் அடங்க அதைவிட அதிக நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து பேட்டரியைக் கழற்றி மேசைக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்தேன். ஓர் ஓரத்தை விரலால் அழுத்தினால் மறு ஓரம் தூக்கியது; வயிறு உப்பியிருந்தது. உப்பிய பேட்டரி பள்ளத்தில் முழுமையாக அமராது, பூட்டு ‘டக்’ என்று விழுந்ததுபோல் தோன்றினாலும் ஆகாயத்தில் நழுவ வாய்ப்புண்டு. செயலியில் பேட்டரி விவரப் பக்கத்தைத் திறந்தால் 187 முறை சார்ஜ் செய்யப்பட்டதாகக் காட்டியது. இரண்டு செல்களில் ஒன்று 3.72 வோல்ட், மற்றது 3.51, நல்ல பேட்டரியில் அவை ஏறக்குறைய சமமாக இருக்கும். விற்பவர் வீட்டு வாசலிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கக் கூடியவை இவை. மலேசியத் தரச் சான்றான சிரிம் ஒட்டுவில்லை இருந்த இடத்தில் சுரண்டிய தடம் இருந்ததையும், இறக்கைகளில் ஒன்றின் முன்விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குப் பிளவு இருந்ததையும் அதே மேசையில்தான் கண்டேன். இவற்றைவிடக் கேவலம், டிரோன் அப்போதும் வேறொருவரின் கணக்கோடு பிணைந்திருந்தது. அந்தக் கணக்குக்காரர் விடுவிக்காமல் என்னால் அதை என் பெயருக்கு மாற்ற முடியவில்லை.

எனவே வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் அவர் முன்னிலையிலேயே கணக்கை விடுவிக்கச் சொல்லி, உங்கள் கைப்பேசியில் இணைத்து, பேட்டரி விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு இரண்டு மீட்டர் உயரத்தில் ஐந்து நிமிடம் மிதக்க விட்டு, செல்களின் மின்னழுத்தம் ஒன்றாக இறங்குகிறதா, ஒன்று மட்டும் முந்தி ஓடுகிறதா என்று கவனியுங்கள். இதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

“31 நிமிடம் பறக்கும்” என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. அது காற்றே இல்லாத நிலையில், சீரான வேகத்தில், மின்சாரம் தீரும்வரை பறக்க விட்டு அளந்த கணக்கு. புதிய பேட்டரி வாங்கிய பின், 30 விழுக்காட்டில் இறக்கிவிடுவது என்ற கட்டுப்பாட்டோடு எனக்கு 19 அல்லது 20 நிமிடம் கிடைக்கிறது. அதில் தங்கைக்குக் கொடுக்கத் தகுந்ததாகத் தேறியது 38 நொடி. அதுவும் காலை ஏழரை மணிக்கு, காற்று எழும் முன், முதலில் எதிர்க்காற்றுப் பக்கமாகப் போய்த் திரும்பி, 25 மீட்டர் உயரத்தில் எடுத்தது. 100 மீட்டரில் எடுத்தவை வரைபடம்போல் தட்டையாக இருந்தன, நண்பகலில் எடுத்தவை வெளுத்துப் போயிருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “வித்த பொருளுக்கு கேரண்டி கிடையாது அண்ணே, பார்த்துத்தானே வாங்கினீங்க” என்று சொல்லி என் எண்ணைத் தடுத்துவிட்டார். அவர் இதைத் தொழிலாகச் செய்வதால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டு போகலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். விளம்பரத்தின் படம், உரையாடல்கள், அந்தப் ‘பெர்மிட்’, பேட்டரி செல்களின் மின்னழுத்தத்தைக் காட்டும் திரைப்பிடிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கும் இந்த நேரத்தில், அவருடைய புதிய விளம்பரம் ஒன்றை நண்பர் அனுப்பியிருக்கிறார்: வேறொரு டிரோன், அதே மேசை விரிப்பு, 1,650 ரிங்கிட், பெர்மிட் உட்பட.