"ட்ரையல் முடிந்தாலும் ஆள் போகமாட்டார்கள்" என்று சொல்லி வரும் ஏஜென்சிகளிடம் கவனமாக இருங்கள்

நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு சின்ன உடற்பயிற்சி செயலி நடத்துகிறோம். 7 நாள் இலவச ட்ரையல், அதற்குப் பிறகு மாதச் சந்தா. இந்த மாதிரி செயலி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள கவலைதான் எங்களுக்கும். ட்ரையலில் ஆயிரம் பேர் வருவார்கள், எட்டாம் நாள் எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி இருக்கமாட்டார்கள். அதைச் சரிசெய்து தருகிறோம் என்று ஒரு ஏஜென்சி வந்தது. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அவர்கள் கேட்ட கட்டணம் நியாயமாகத்தான் தெரிந்தது. ட்ரையலிலிருந்து பணம் கட்டும் சந்தாவுக்கு மாறுபவர்களின் சதவீதம் எவ்வளவு கூடுகிறதோ அதற்கேற்பக் கொடுத்தால் போதும், கூடவில்லை என்றால் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். எட்டாம் நாள் கணக்கெடுப்பு, மாதக் கடைசியில் பில். நாங்களும் சரி என்று கையெழுத்துப் போட்டோம். அந்த "எட்டாம் நாள்" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் வேலையாக நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்த ஐந்தாம் நாள் நினைவூட்டலை எடுத்துவிட்டார்கள். "மேடம், நீங்களே போய் 'இன்னும் ரெண்டு நாள்ல பணம் எடுப்போம்'னு ஞாபகப்படுத்துறீங்க, அதைப் பார்த்துத்தான் கேன்சல் பண்றாங்க" என்றார் அவர்கள் ஆள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. அடுத்து ட்ரையல் தொடங்கும் திரையில் கை வைத்தார்கள். முன்பு பட்டனுக்கு மேலேயே "7 நாள் இலவசம், பிறகு மாதம் இவ்வளவு" என்று பெரிதாக இருக்கும். அதை "இலவசமாகத் தொடங்குங்கள்" என்று மாற்றி, தொகையைக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஆக்கினார்கள். மூன்றாவதாக, ஏழாம் நாள் காலையில் ஒரு நோட்டிஃபிகேஷன்: "இன்று உங்கள் ட்ரையலின் கடைசி நாள்! எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், இப்போதே ஒரு பயிற்சி செய்து பாருங்கள்."

இந்த மூன்றாவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆப் ஸ்டோரில் சந்தா எடுப்பவர்கள், ட்ரையல் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். அந்தக் கடைசி 24 மணி நேரத்துக்குள்ளேயே பணம் எடுக்கப்படலாம். அதாவது திங்கள் இரவு 9 மணிக்குத் தொடங்கியவருக்கு அடுத்த திங்கள் இரவு 9 மணிக்கு ட்ரையல் முடிகிறது, ஆனால் ரத்து செய்ய அவருக்கு இருந்த பத்திரமான கெடு ஞாயிறு இரவு 9 மணி. அவர்கள் நோட்டிஃபிகேஷன் போனது திங்கள் காலை 8 மணிக்கு. கெடு தாண்டி பதினோரு மணி நேரம் கழித்து ஒருவரைக் கூப்பிட்டு "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்" என்று சொல்லியிருக்கிறோம், எங்கள் செயலியின் பெயரில். இது தெரியாமல் நடந்ததா என்று கேட்டேன். "டைமிங் நல்லா ஒர்க் ஆகுது மேடம்" என்பதுதான் பதில்.

முதல் மாதம் எண்ணிக்கை உண்மையாகவே ஏறியது. ஆயிரம் பேருக்கு 310 பேர் பணம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 420 பேர். நாங்கள் சந்தோஷப்பட்டோம், பில்லையும் கட்டிவிட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் வாடிக்கையாளர் உதவியைப் பார்த்துக்கொள்ளும் பெண், "அக்கா, ரீஃபண்ட் கேட்டு வர்ற மெயில் திடீர்னு எகிறிடுச்சு, நீங்களே ஒருதடவை படிச்சுப் பாருங்க" என்று சொல்லி ஒரு மெயிலைத் திறந்து காட்டினாள். ஒரு பெண்மணி எழுதியிருந்தார். முதல் நாள் ஒரு பயிற்சி, இரண்டாம் நாள் பாதியில் முட்டி வலித்து நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டார், அத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறார். செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. ஸ்டோரின் சந்தாப் பக்கத்துக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும், ஆப்பிளிலும் அப்படித்தான், கூகுள் பிளேயிலும் அப்படித்தான். இது பலருக்குத் தெரியாது. "நான் இரண்டே நாள்தான் பயன்படுத்தினேன், ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று எழுதியிருந்தார். முன்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஐந்தாம் நாள் நினைவூட்டலை மெயிலிலும் அனுப்பிக்கொண்டிருந்தோம், செயலியை நீக்கியவர்களுக்கு நோட்டிஃபிகேஷன் போகாது, அவர்களைத் தொட மெயில் ஒன்றுதான் வழி. நினைவூட்டல் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கான ஒரே வழியைத்தான் நாங்கள் அடைத்திருந்தோம்.

இதில் இன்னொரு கொடுமை, ஆப்பிள் வழியாகக் கட்டிய பணத்தை நாங்களே நேரடியாகத் திருப்பித் தர முடியாது. அவர் ஆப்பிளிடம் விண்ணப்பிக்க வேண்டும், முடிவும் அவர்களுடையது. அதை விளக்கி எழுதினால், ஏமாற்றிவிட்டு இப்போது தட்டிக்கழிக்கிறோம் என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். அவர்மேல் தப்பே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்கைக் கிளறினோம். அந்த 420 பேரில் 101 பேருக்கு ரீஃபண்ட் போனது. முன்பு 310 பேரில் இது 14 தான். இரண்டாவது மாதம் சந்தா புதுப்பித்தவர்களை எண்ணினால் முன்பு 212 பேர், ஏஜென்சி வந்த பிறகு 187 பேர். எட்டாம் நாள் 110 பேர் அதிகமாகத் தெரிந்தார்கள், இரண்டாவது மாதம் 25 பேர் குறைந்துபோனார்கள். ஏஜென்சியிடம் கேட்டபோது, ரீஃபண்டும் இரண்டாம் மாதமும் ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். படித்துப் பார்த்தோம், இல்லைதான்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நினைவூட்டலைப் பார்த்துத்தான் ஆட்கள் போகிறார்கள் என்று அவர்கள் சொன்னது உண்மையா? பயனர் சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்தால் ஆப்பிள் நம் சர்வருக்கு `DID_CHANGE_RENEWAL_STATUS` என்ற அறிவிப்பை அனுப்பும், கூடவே `AUTO_RENEW_DISABLED` என்று இருக்கும். நேரத்தோடு வரும் அந்தப் பதிவுகள் எங்களிடம் ஆரம்பத்திலிருந்தே கிடந்தன, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஏஜென்சிக்கு முந்தைய மாதத்தை எடுத்து நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். பணம் கட்டாமல் போன 690 பேரில் ஏறக்குறைய 400 பேர் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அணைத்திருந்தார்கள். ட்ரையல் தொடங்கிய கையோடு அணைத்துவிட்டு, மறந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு பயன்படுத்துகிறவர்கள் அவர்கள். ஐந்தாம் நாள் நினைவூட்டலுக்குப் பிறகு அணைத்தவர்கள் 90 பேர்தான். அந்த 90 பேரில் பலர் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தவர்கள், நினைவூட்டலை எடுத்த மாதத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் ரீஃபண்ட் கேட்கும் மெயிலாகத் திரும்பி வந்தார்கள்.

ஆட்கள் கழன்றுபோவது ஏழாம் நாள் நடக்கும் விஷயம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் கடைசி நாள் செய்தியைத்தான் நோண்டிக்கொண்டிருந்தோம். முதல் நாள்தான் முக்கியம், ஏனென்றால் "இவர்கள் சொல்லாமல் பணம் எடுத்துவிடுவார்களோ" என்ற பயம் அங்கேதான் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் திருப்பி எழுதினோம். தொகை பட்டனுக்கு மேலே பழைய அளவில் திரும்ப வந்தது. தொடங்கியவுடன் போகும் முதல் மெயிலில் தேதியைப் போட்டே சொல்கிறோம்: "உங்கள் ட்ரையல் 14-ஆம் தேதி இரவு 9 மணிக்கு முடிகிறது. 12-ஆம் தேதி உங்களுக்கு ஒரு மெயில் வரும். வேண்டாம் என்றால் 13-ஆம் தேதி இரவு 9 மணிக்குள் ரத்து செய்துவிடுங்கள், வழி இதோ. செயலியை நீக்கினால் மட்டும் சந்தா ரத்தாகாது." கூடவே பன்னிரண்டு நிமிடப் பயிற்சி ஒன்றுக்கு லிங்க், அவ்வளவுதான்.

நடுவில் போகும் செய்தியை எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டோம். முதல் பயிற்சியை முடித்தவருக்கு அடுத்த பயிற்சி எது என்று சொல்கிறோம். பாதியில் விட்டவரிடம் எங்கே கஷ்டமாக இருந்தது என்று கேட்டு, முட்டி, இடுப்பு, நேரமில்லை என்று மூன்று பதில்களை வைத்தோம், முட்டியைத் தொட்டால் குதிக்காத பயிற்சிகள் மட்டும் வரும். முதல் நாளே புதுப்பிப்பை அணைத்தவர்களுக்கு "திரும்பி வாருங்கள்" என்று கெஞ்சுவதில்லை. "நீங்கள் ரத்து செய்தது பதிவாகிவிட்டது, பணம் எடுக்கப்படாது, கடைசி நாள் வரை எல்லாப் பயிற்சிகளும் திறந்திருக்கும்" என்று மட்டும் அனுப்புகிறோம். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பதிலுக்கு நன்றி சொன்னவர்கள் இருக்கிறார்கள், அணைத்ததைத் தாங்களாகவே மறுபடி போட்டவர்களும் இருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வந்த ஆயிரம் பேரில் எட்டாம் நாள் 335, ரீஃபண்ட் 11, இரண்டாம் மாதம் 241. ஏஜென்சி காட்டிய 420-க்குப் பக்கத்தில் வைத்தால் 335 சின்ன எண்தான். எங்களுக்கு வாடகை கட்டுவது அந்த 241. இந்த எண்ணிக்கையிலும் பருவ வித்தியாசம் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் இப்போது எது மாற்றினாலும் பத்தில் ஒருவருக்குப் பழைய செய்திகளையே விட்டுவைத்து, ஒரே வாரத்தில் சேர்ந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அந்த ஏஜென்சி அப்படி ஒரு கூட்டத்தை விட்டுவைக்கவே இல்லை, எல்லோருக்கும் ஒரேயடியாக மாற்றிவிட்டார்கள்.

நீங்கள் யாரையாவது இந்த வேலைக்கு வைப்பதாக இருந்தால், கட்டணத்தை 60-ஆம் நாள் கணக்கில், ரீஃபண்ட் போக மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு செய்தியின் வாசகமும் அது போகும் மணியும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் மாறக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

எங்கள் 310 - 420 வரைபடத்தை அவர்கள் இன்னமும் புது வாடிக்கையாளர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. எடுத்துவிடும்படி இரண்டு தடவை எழுதிவிட்டேன், பதில் இல்லை. "உடற்பயிற்சி செயலி, 7 நாள் ட்ரையல், ஒரே மாதத்தில் 31-லிருந்து 42 சதவீதம்" என்று உங்கள் முன்னால் ஒரு படம் வந்தால் அது எங்களுடையதுதான். அதன் இரண்டாம் மாத எண்ணைக் கேளுங்கள். 187.